பெங்களூருச் சமூகவியல் ஆசிரியர்களுக்கு: குவைத்திலிருந்து வரும் போனை இப்படி வாசியுங்கள்

பெங்களூருக் கல்லூரிகளில் சமூகவியல் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஆசிரியை இல்லை. வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கத்தில் மனு எழுதித் தருகிறவள். சம்பள பாக்கிக்கு எழுதுவேன், ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எழுதுவேன், வளைகுடாவுக்குப் போய் மாட்டிக்கொண்ட பெண்ணுக்காகத் தூதரகத்துக்கும் எழுதுவேன். உங்களில் சிலர் சங்கத்துக்கு வந்து, பராமரிப்புச் சங்கிலி என்கிற பாடத்துக்கு வகுப்பில் வாசிக்க ஒரு தொழிலாளியின் கதை வேண்டும், சின்னதாக, பிள்ளைகள் மனசில் பதிகிற மாதிரி வேண்டும் என்று கேட்கிறீர்கள். எங்களிடம் வருகிற பெண்களின் சொந்தக் கதையைத் தர முடியாது, அது அவர்களுடையது. அதனால் நானே ஒன்று எழுதினேன். ஆட்கள் கற்பனை. தொகைகளும் நேரமும் வேலையும் மனு எழுதும் மேஜையில் கேட்டவற்றை ஒட்டி வைத்தவை. கதையைக் கீழே தருகிறேன், ஆனால் அதை எப்படி வாசிக்க வேண்டும் என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது, அதற்காகத்தான் தனியாக அனுப்பாமல் எல்லோரும் பார்க்கிற மாதிரி மடலாக எழுதுகிறேன்.

இந்தப் பாடம் எனக்கும் கொஞ்சம் தெரியும். ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 2000இல் இந்தப் பெயரை வைத்தார். பணக்கார நாட்டில் ஒரு தாய் வேலைக்குப் போகிறாள், அவள் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏழை நாட்டிலிருந்து இன்னொரு தாய் வருகிறாள், அவள் விட்டு வந்த பிள்ளைகளை ஊரில் அவளைவிட ஏழையான ஒருத்தி சம்பளத்துக்குப் பார்க்கிறாள், அந்த ஏழையின் பிள்ளைகளை அவள் வீட்டு மூத்த பெண் சம்பளமே இல்லாமல் பார்க்கிறாள். ரேசல் பரெனாஸின் ஆய்விலிருந்து அவர் எடுத்துக்காட்டும் பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு அமெரிக்காவில் வாரம் 400 டாலர் கிடைக்கிறது. தன் சொந்தப் பிள்ளைகளை ஊரில் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரப் பெண்ணுக்கு அவள் கொடுப்பது வாரம் 40 டாலர். இதுவரை உங்கள் கரும்பலகையில் ஏற்கெனவே இருக்கும். சரி, கதைக்கு வருகிறேன்.

ஜெனிஃபர் போனைச் சத்தமில்லாமல் வைத்துத் தலையணைக்கு அடியில் செருகியிருந்தாள். அது அதிர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சுவர் ஓரமாக அப்பா, நடுவில் தம்பி ஆன்டனி. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு எடுத்தாள்.

"தூங்கிட்டியாடி?"

"இல்லம்மா."

"இப்பத்தான் பாத்திரம் கழுவி முடிச்சேன். இன்னிக்கு விருந்தாளிங்க. போனை இப்பத்தான் குடுத்தாங்க. தம்பி எப்படி இருக்கான்?"

"சாயங்காலம் இளைப்பு இருந்துச்சு. ரெண்டு பஃப் குடுத்தேன்."

"டப்பா வச்சுத்தானே குடுத்த?"

"டப்பா கிராக் விட்டுடுச்சும்மா. சின்னம்மா டேப் ஒட்டிக் குடுத்தாங்க."

ஸ்டெல்லா ஒரு நிமிடம் பேசவில்லை. அவள் பின்னால் வாஷிங் மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது. "கேமராவை அவன் பக்கம் திருப்பு. லைட்டைப் போடு."

"அப்பா முழிச்சுப்பாங்க."

"அப்ப போன்ல டார்ச்சை அடி. சட்டையைத் தூக்கு. கிட்ட கொண்டு போ. மூச்சு இழுக்குறப்ப கழுத்துக்குக் கீழ குழி விழுதா பாரு."

"விழலம்மா."

"விலா எலும்புக்கு நடுவுல?"

"இல்ல."

"எண்ணு. நான் இங்க கடிகாரத்தைப் பாக்குறேன். சொன்னதும் ஆரம்பி. ம், இப்போ."

ஐந்து வயதுப் பிள்ளையின் வயிறு ஏறி இறங்குவதை டார்ச் வெளிச்சத்தில் ஜெனிஃபர் உதடசைத்து எண்ணினாள். குவைத்தில், துணி துவைக்கிற அறையில் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து அவள் அம்மா சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போதும். எத்தனை?"

"இருபத்தெட்டு."

"சரி. பரவாயில்ல. நாற்பதுக்கு மேல போச்சுன்னா காலை வரைக்கும் பாத்துட்டு இருக்காதே, சின்னம்மாவை எழுப்பி ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. புது டப்பா வாங்கச் சொல்லு, நான் தனியா பணம் அனுப்புறேன். நாலாயிரம் சின்னம்மாவுக்குப் போயிடுச்சா?"

"வந்துருச்சாம்."

"சீட்டுப் பணம் மாரியக்காகிட்ட குடுத்தாச்சா? ரசீதை வாங்கிப் பெட்டியில வை. அப்பா வேலைக்குப் போறாரா?"

"மூணு நாள் போனாரு. கால் வலிக்குதுன்னு ரெண்டு நாளா போகல."

"குடிக்கிறாரா?"

ஜெனிஃபர் போர்வைக்குள்ளேயே அப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "கொஞ்சம்."

"வெள்ளிக்கிழமை மாதா திருவிழா. தம்பிக்கு ரசல் மார்க்கெட் பக்கம் ஒரு காவிச் சட்டை எடு. உனக்கும் ஒண்ணு எடு. சின்னம்மா கூட்டிட்டுப் போவாளா?"

"அவங்களுக்கு லீவு குடுக்கலம்மா. நானே கூட்டிட்டுப் போறேன். தேர் பாத்துட்டு வந்துடுவோம்."

"கூட்டத்துல கையை விட்டுடாதே. தூசியில இளைப்பு வந்துச்சுன்னா..." அவள் முடிப்பதற்குள் எங்கோ ஒரு கதவு திறந்தது. சின்னக் குரல் ஒன்று தூக்கக் கலக்கத்தில் சிணுங்கியது. "தஆலி, தஆலி," என்று அம்மா அரபியில் வாவென்று கூப்பிடுவது ஜெனிஃபருக்குக் கேட்டது. ஆன்டனி அழுதால் அம்மா பேசுகிற அதே தணிந்த குரல். போன் எங்கோ கீழே வைக்கப்பட்டது. மேற்கூரை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் முகம் திரும்ப வந்தது, அவள் தோளில் ஒரு சுருட்டை முடித் தலை சாய்ந்திருந்தது.

"மூணு வயசு. அவங்க அம்மா அதிகாலையில ஆபீஸ் போகணும், தூங்குறாங்க. நீ சொல்லு. ஸ்கூல் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதும்மா."

திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போகவில்லை. சின்னம்மா தெரசாவின் பத்து மாதக் குழந்தைக்குக் காய்ச்சல், அன்றைக்கு மாரியக்கா குழந்தையை வைத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டாள், தெரசா அப்பார்ட்மென்ட் வேலைக்குப் போயே ஆக வேண்டியிருந்தது. அன்று கணக்குத் தேர்வு.

"உனக்கு சம்பளம் குடுத்துட்டாங்களாம்மா?"

"குடுத்துட்டாங்க, குடுத்துட்டாங்க," என்றாள் ஸ்டெல்லா. அவள் அனுப்பிய பணம், பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் வாங்கிய கைமாற்று.

"சரி, தூங்கு. காலையில தண்ணி வருமா?"

"வரும். அஞ்சு மணிக்கு."

"வைக்கிறேன்."

மணி ஒன்றேகால்.

கதை இவ்வளவுதான். இதை வகுப்பில் வாசித்து முடித்ததும் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும், இது மாதிரிக் கதைகள் வாசிக்கப்பட்ட ஒன்றிரண்டு வகுப்புகளில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். அரபுக் குழந்தை அம்மா தோளில் சாய்கிற இடத்தில் யாராவது கண் துடைப்பார்கள், அப்புறம் விவாதம் முழுக்க ஒரே கேள்வியைச் சுற்றும்: அந்தத் தாய் அந்தக் குழந்தைமேல் வைக்கிற பாசம் இந்தக் குழந்தைகளிடமிருந்து பிடுங்கப்பட்ட பாசமா? அதற்குள் மணி அடித்துவிடும். பாசம் ஒரு பானையிலிருந்து இன்னொரு பானைக்கு ஊற்றுகிற தண்ணீர் இல்லை. ஸ்டெல்லா ஆன்டனியைக் குறைவாக நேசிக்கிறாள் என்று இந்தப் போன் உரையாடலில் எங்கேயும் இல்லை. குறைந்தது என்ன, அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்று தேடினால் எண்ணிக் காட்டக்கூடிய சில விஷயங்கள் கிடைக்கும். என் கோரிக்கை அதுதான். அந்த முக்கால் மணி நேர வகுப்பை அழுகைக்குக் கொடுக்காமல் அந்த எண்ணிக்கைக்குக் கொடுங்கள்.

முதலில் நேரத்தை எடுங்கள். குவைத்துக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம், நாம் முன்னால் இருக்கிறோம். அமெரிக்காவை வைத்துப் பார்க்கிறபோது இது அற்பமாகத் தெரியும், அதனாலேயே பாடங்களில் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறவளுக்குக் கை ஓய்கிற நேரம் இரவுச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிய பிறகுதான். அங்கே பத்தேகால் என்றால் இங்கே பன்னிரண்டே முக்கால். ஸ்டெல்லாவின் வேலை நேரம் நீள நீள, அந்த நீட்டம் அப்படியே வந்து பெங்களூரில் பதின்மூன்று வயதுப் பெண்ணின் தூக்கத்தில் விழுகிறது. ஒன்றேகாலுக்குப் போனை வைத்தவள் ஐந்து மணிக்குக் குழாயடியில் நிற்க வேண்டும். நாலு மணி நேரம்கூட இல்லை. குவைத்தில் விருந்தாளி வந்ததற்கும் பெங்களூரில் ஒரு பெண் வகுப்பில் தூங்கி வழிவதற்கும் இடையில் நேர்க்கோடு போட முடியும். மாணவர்களை இரண்டு கடிகாரம் வரையச் சொல்லுங்கள், ஒன்றில் ஸ்டெல்லாவின் நாள், ஒன்றில் ஜெனிஃபரின் நாள். கோட்பாட்டை நீங்கள் சொல்லாமலே அவர்கள் கண்டுபிடிப்பார்கள்.

குவைத்தில் வீட்டு வேலையாட்களுக்கென்றே 2015இல் ஒரு சட்டம் வந்தது, 68ஆம் எண் சட்டம். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு தர வேண்டும், பாஸ்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளக்கூடாது என்கிறது. வளைகுடா நாடுகளில் அது முன்னோடிச் சட்டம்தான். ஆனால் வேலை நடக்கிற இடம் ஒருவருடைய வீடு, கதவைத் தட்டி உள்ளே போய்ச் சோதிக்கிற ஆள் அநேகமாகக் கிடையாது. விசாவுக்குப் பொறுப்பேற்கிற வீட்டுக்காரரை அங்கே கஃபில் என்பார்கள். கஃபில்தான் விசா, கஃபில்தான் கூரை, கஃபில்தான் சாப்பாடு. வீட்டு வேலைக்கான 20ஆம் நம்பர் விசாவில் இருக்கிறவள் இஷ்டத்துக்கு வேலை மாற முடியாது. ஆளை வரவழைக்க வீட்டுக்காரர் ஏஜென்சிக்குப் பணம் கட்டியிருப்பார், பாதியில் ஊருக்குப் போகிறேன் என்றால் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டுப் போ என்பார்கள். பிள்ளை இளைக்கிறது என்று தெரிந்தாலும் ஸ்டெல்லாவால் அடுத்த வாரம் ஏறி வர முடியாததற்குக் காரணம் இது. இதைச் சொல்லாமல் விட்டால் மாணவர்கள் அவள் வராததை அவளுடைய முடிவாக எடுத்துக்கொள்வார்கள், போன வருஷம் அப்படி ஒரு விடைத்தாளை எனக்கு ஒருவர் காட்டினார், "தாய் பணத்தைத் தேர்ந்தெடுத்தாள்" என்று எழுதியிருந்தது. படித்துவிட்டு எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அடுத்து பணம். கதை நடப்பது 2023 செப்டம்பரில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒரு தினார் சுமார் 270 ரூபாய். ஸ்டெல்லாவின் சம்பளம் 110 தினார், அதாவது 29,700 ரூபாய். அவள் தங்கை தெரசாவுக்கு மாதம் 4,000 தருகிறாள். தெரசா முன்பு இரண்டு அப்பார்ட்மென்ட் வீடுகளில் வேலை செய்தாள், காலையில் ஒரு வீட்டில் சமையல், மத்தியானம் ஒரு வீட்டில் பெருக்கித் துடைப்பது. அக்கா போனதும் மத்தியான வீட்டை விட்டாள், அங்கே 4,500 வந்துகொண்டிருந்தது. ஆக அக்கா பிள்ளைகளைப் பார்க்கிறதற்காகத் தெரசாவுக்கு மாதம் 500 ரூபாய் நஷ்டம். சொந்தத்துக்குள் யாரும் இதைக் கணக்குப் பார்ப்பதில்லை, பார்த்தால் கேவலம் என்று நினைப்பார்கள். நீங்கள் பாருங்கள். அப்புறம் காலையில் தெரசா சமையல் வீட்டுக்குப் போகிற ஆறரையிலிருந்து தான் பள்ளிக்குக் கிளம்புகிற வரை தெரசாவின் கைக்குழந்தையையும் ஆன்டனியையும் ஜெனிஃபர் பார்க்கிறாள். அவளுக்கு எவ்வளவு? ஒன்றுமில்லை. கர்நாடகத்தில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி 2004லேயே அறிவிக்கப்பட்டது, அது எந்த வீட்டில் தரப்படுகிறது என்பது வேறு கதை. தெரசாவாவது அந்த அறிவிப்பைக் காட்டிப் பேரம் பேசலாம். ஜெனிஃபருக்குக் காட்ட எந்தக் காகிதமும் இல்லை, அவள் செய்வதை வேலை என்று அவளே சொல்ல மாட்டாள்.

29,700, 4,000, பூஜ்யம். ஹாக்ஷீல்ட் காட்டிய 400க்கும் 40க்கும் பிறகு வருகிற இடம் இந்தப் பூஜ்யம்தான். உங்கள் பாடங்களில் அந்த மூத்த மகள் ஒரு வாக்கியத்தில் வந்து போய்விடுகிறாள். அவள் பெயர் இல்லாதவள், அவள் பேசுவதில்லை. அதனால்தான் கதையில் போனின் இந்த முனையில் அவளை உட்கார வைத்தேன்.

மூச்சு எண்ணுகிற இடத்தில் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். குழந்தைக்கு இளைப்பு எவ்வளவு கடுமை என்று பார்க்கிற சரியான முறை அது. கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறதா, விலா இடைவெளி இழுக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு. கூடவே, பஃப் மருந்தை உள்ளே இழுக்க வைக்கிற டப்பாவில் காற்று வெளியே கசிகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஸ்டெல்லாவுக்கு இது தெரிந்திருக்கிறது, எத்தனையோ இரவு மடியில் வைத்துப் பார்த்தவள். இப்போது அவளிடம் அறிவும் கடிகாரமும் இருக்கின்றன, கண்ணும் கையும் மகளுடையவை. போன் வந்ததால் தூரம் குறைந்தது என்பார்கள். குறைந்ததுதான், அம்மா முகத்தைப் பார்க்க முடிகிறது. கூடவே இன்னொன்றும் நடந்தது. முன்பு கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்த காலத்தில் இரவில் பிள்ளைக்கு இளைத்தால் வீட்டிலிருக்கிற பெரியவர் ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். இப்போது அம்மா முடிவெடுக்கிறாள், அதைச் செய்து முடிக்க ஒரு சிறுமி விழித்திருக்கிறாள், பக்கத்திலேயே படுத்திருக்கிற பெரியவர் தூங்கலாம்.

அந்தப் பெரியவர் அப்பா. விளக்கைப் போட்டால் அவர் விழித்துக்கொள்வார் என்று மகள் பயப்படுகிற வரியை மாணவர்கள் யாராவது கவனிக்கிறார்களா பாருங்கள். அவர் பெயின்டர், சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்தவர், ஆஸ்பத்திரிக் கடனுக்காகத்தான் ஸ்டெல்லா கிளம்பினாள். அவரைக் கெட்டவராக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் வீட்டிலேயே இருக்கிற, இரண்டு கையும் நன்றாக இருக்கிற ஒரு மனிதரிடம் பஃப் கொடுப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. பிலிப்பைன்ஸ் குடும்பங்களைப் பற்றி 2005இல் பரெனாஸ் எழுதியதும் இதைத்தான் காட்டியது: தாய் வெளிநாடு போனால் அவள் விட்ட வேலையைப் பெரும்பாலும் தகப்பன் எடுத்துக்கொள்வதில்லை, அத்தைகளும் பாட்டிகளும் மூத்த பெண்ணும் எடுத்துக்கொள்கிறார்கள், சிலசமயம் அந்தத் தாயே தூரத்திலிருந்து தொடர்ந்து செய்கிறாள். சங்கிலியின் கண்ணிகள் எல்லாம் பெண்களாக இருப்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆண் விலகி நிற்க வேண்டியிருக்கிறது. குவைத் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அங்கே அதிகாலையில் ஆபீஸ் போக வேண்டிய அம்மாவைப் பற்றிப் பேசுவோம், அந்தக் குழந்தையின் அப்பா கதையிலேயே வரவில்லை என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். நான் வேண்டுமென்றேதான் அவரை விட்டேன், கேட்கிறார்களா என்று பார்ப்பதற்காக.

இதோடு நம் அரசாங்கத்தின் ஒரு விதியையும் சேர்த்துப் பாருங்கள். பத்தாவது தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்று இருக்கும். அப்படிப்பட்ட பெண் குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும். இளம்பெண்களை ஏமாற்றிக் கூட்டிப்போவதைத் தடுக்க வைத்த விதி, நோக்கம் நல்லது. ஆனால் நம் ஏரியாக்களில் 30 வயதான பெண் என்றால் யார்? பெரும்பாலும் கல்யாணமாகி, பள்ளிக்கூட வயதில் இரண்டு பிள்ளை வைத்திருப்பவள். சட்டப்படி போகக்கூடியவள் அவள்தான். இருபது வயதுக்காரி ஏஜென்ட் பேச்சைக் கேட்டு விசிட் விசாவில் போய் எந்தப் பதிவிலும் இல்லாமல் மாட்டிக்கொள்கிறாள், முப்பத்து நாலு வயது ஸ்டெல்லா முறைப்படி போய்ப் பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டுச் செல்கிறாள். தாய்மார்களாகப் பார்த்து அனுப்புகிற மாதிரி ஒரு விதியை வைத்துவிட்டு, விட்டுப்போன பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று எந்தப் படிவத்திலும் ஒரு வரி கேட்பதில்லை. பாதுகாப்பு விதிகளைப் பாடம் நடத்தும்போது இதை உங்கள் மாணவர்கள் விவாதித்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் எங்கள் மேஜையில் இதற்கு நேரமே கிடைப்பதில்லை.

இன்னொரு திசையும் இருக்கிறது, அது கதைக்குள் வரவில்லை, வகுப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரசா விட்ட மத்தியான வீடு என்ன ஆனது? அந்த வீட்டம்மா மென்பொருள் கம்பெனியில் வேலை செய்கிறவர், அவருக்கு ஆள் இல்லாமல் முடியாது. ராய்ச்சூர் பக்கத்திலிருந்து வந்து தகரக் கொட்டகையில் இருக்கிற ஒரு பெண்ணை வைத்துக்கொண்டார், 4,500க்குப் பதிலாக 4,000க்கு. அவளுடைய இரண்டு பிள்ளைகளும் ஊரில் பாட்டியிடம். ஆக குவைத்தில் ஒரு வீட்டுக்கு ஆள் தேவைப்பட்டதால் ராய்ச்சூரில் ஒரு பாட்டிக்கு வேலை கூடியது, இடையில் யாருக்கும் யாரையும் தெரியாது. இந்தப் பாடத்துக்கு வரைகிற படத்தில் அம்புக்குறி எப்போதும் ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு நேராகப் போகிறது. உண்மையில் அது நம் ஊர்க் கோரமங்களாவுக்குள் புகுந்து கிளை விட்டு வருகிறது. நீங்களும் உங்கள் மாணவர்களில் பாதிப் பேரும் இந்தக் கிளையில் எங்கேயோ இருக்கிறீர்கள். வெளிநாட்டைப் பற்றிய பாடம் என்று நினைத்து வாசிக்கிற பிள்ளை, தன் வீட்டில் காலை ஏழு மணிக்குச் சமைக்க வருகிற அக்காவின் குழந்தை அந்த நேரத்தில் யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் பாடம் நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வேன். நிக்கோலா யேட்ஸ் போன்றவர்கள் இந்தக் கருத்தைக் குழந்தை வளர்ப்போடு நிறுத்தாமல் நர்ஸ்களுக்கும் வயதானவர்களைப் பார்க்கிற வேலைக்கும் விரித்தார்கள். குவைத் வீட்டில் ஒரு படுத்த படுக்கையான பாட்டியைச் சேர்த்தாலும் கதை அப்படியே நிற்கும்.

நடைமுறையாக சில வேண்டுகோள்கள். தேர்வில் "ஸ்டெல்லாவின் உணர்வுகளை விவரி" என்று கேட்காதீர்கள். திங்கட்கிழமை ஜெனிஃபர் ஏன் பள்ளிக்குப் போகவில்லை, அதற்கு எத்தனை பேருடைய வேலை நேரம் காரணம் என்று கேளுங்கள், அதற்குப் பதில் எழுதுகிறவருக்குப் பாடம் புரிந்திருக்கும். அந்த நாளில் எது ஒன்று இருந்திருந்தால் அவள் கணக்குத் தேர்வு எழுதியிருப்பாள் என்றும் கேளுங்கள். காலை ஆறரைக்குத் திறக்கிற, கைக்குழந்தையையும் எடுத்துக்கொள்கிற காப்பகம் என்று சிலர் எழுதுவார்கள், ஏனென்றால் அங்கன்வாடி திறப்பதற்குள் தெரசா பாதி வேலையை முடித்திருப்பாள், காப்பகம் இருந்தாலும் காய்ச்சல் குழந்தையை எடுத்துக்கொள்ள மாட்டார்களே என்று இன்னொருவர் மடக்குவார், சம்பளத்தோடு லீவு என்று மூன்றாமவர் சொல்வார், அப்பா பார்த்திருக்கலாமே என்று யாராவது ஒருவர் சொல்வார். எல்லோரையும் பேச விடுங்கள்.

உங்கள் வகுப்பிலேயே ஜெனிஃபர்கள் இருப்பார்கள். அரசுக் கல்லூரிகளில் மாலை வகுப்புகளில் நிச்சயம் இருப்பார்கள். "இங்கே யாருடைய அம்மாவாவது வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறார்களா" என்று கேட்டுக் கை தூக்கச் சொல்லாதீர்கள், தயவு செய்து. தானாகச் சொன்னால் கேளுங்கள். சொன்ன பிறகு அதை உதாரணமாக்கி அடுத்த வகுப்பில் பேசாதீர்கள்.

கதையை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ மாற்றிக்கொள்ளலாம், என் பெயர் வேண்டாம். நீளம் கருதிக் குறைப்பதாக இருந்தால் அரபுக் குழந்தை வருகிற இடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மணி எத்தனை என்று வருகிற வரிகளையும், தெரசாவுக்குப் போகிற நாலாயிரத்தையும், இருபத்தெட்டு மூச்சையும் மட்டும் வெட்ட வேண்டாம்.